ஓரக்குறிப்பு கேட்கும் விளக்கம் எது?

ஆங்கில வழியில் படிக்கும் மாணவரின் அசைன்மென்ட் திருத்தப்பட்டுத் திரும்பும்போது, தாளின் ஓரத்தில் ‘கிளாரிஃபை’, ‘எலுசிடேட்’, ‘இல்லஸ்ட்ரேட்’ போன்ற சொற்கள் அடிக்கடி தென்படும். மூன்றுமே விளக்கம் கேட்பவைதான். ஆனால் ஒவ்வொன்றும் சுட்டும் குறை வேறு. அதைச் சரிசெய்யும் வழியும் வேறு.

பொருளியல் அசைன்மென்ட் ஒன்றில் இப்படி ஒரு பத்தி இருப்பதாகக் கொள்ளலாம்: “ரெப்போ விகிதத்துக்கும் பணவீக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அது உயர்ந்தால் மக்கள் தயங்குவார்கள். ரெப்போ விகிதத்தை உயர்த்தினால் பணவீக்கம் தணியும். ரிசர்வ் வங்கி இந்த வழியைக் கையாண்டுள்ளது.”

இரண்டாம் வாக்கியத்துக்கு நேரே வரவேண்டிய குறிப்பு ‘கிளாரிஃபை’. உயர்வது ரெப்போ விகிதமா, பணவீக்கமா? மக்கள் எதற்குத் தயங்குவார்கள்? வாக்கியம் இரண்டு விதமாகப் பொருள்பட இடம் தருகிறது. இதற்குப் புதிய பத்தி தேவையில்லை. “ரெப்போ விகிதம் உயர்ந்தால் மக்கள் கடன் வாங்கத் தயங்குவார்கள்” என்று திருத்தினால் போதும்.

மூன்றாம் வாக்கியத்தில் குழப்பம் இல்லை. ஆனால் காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் உள்ள படிகள் இல்லை. அங்கே ‘எலுசிடேட்’ பொருந்தும். வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் பெறும் வட்டியே ரெப்போ விகிதம். அது உயர்ந்தால் வங்கிகள் தரும் கடனுக்கும் வட்டி ஏறும், கடன் குறையும், செலவு சுருங்கும், பொருள்களுக்கான தேவை தணிந்து, விலையேற்றத்தின் வேகம் மட்டுப்படும். இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எழுதுவதே ஆசிரியர் கேட்பது.

நான்காம் வாக்கியம் சரியானதுதான், ஆனால் வெறும் கூற்றாக நிற்கிறது. அதற்குரிய குறிப்பு ‘இல்லஸ்ட்ரேட்’. படம் வரைவதையும் இச்சொல் குறிக்கும் என்பதால் சிலர் வரைபடத்தைத் தேடிப் போவார்கள். இங்கே வேண்டியது ஒரு நிகழ்வு. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை அந்த ஆண்டு மே மாதம் முதல் படிப்படியாக உயர்த்திய ரிசர்வ் வங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. எடுத்துக்காட்டுக்கும் ஓர் எல்லை உண்டு: அது கருத்தைக் கண்முன் நிறுத்துமே தவிர, நிரூபிக்காது. அதன் பின் பணவீக்கம் தணிந்ததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

குறிப்பு எதுவானாலும் பத்தியை நீட்டிவிடுவதே மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு. ‘கிளாரிஃபை’ என்ற இடத்தில் நான்கு வரி சேர்த்தாலும் “அது” என்ற சொல் அப்படியே இருந்தால் குறை தீராது. ஆசிரியர்களும் இச்சொற்களை எப்போதும் வேறுபடுத்தி எழுதுவதில்லை. சிலருக்கு ‘எலுசிடேட்’ என்பது ‘எக்ஸ்பிளெய்ன்’ என்பதற்குக் கொஞ்சம் மிடுக்கான மாற்று, அவ்வளவுதான். அப்போது அடிக்கோடிட்ட வாக்கியத்தையே சோதிக்க வேண்டும். “எதைச் சொல்கிறது?” என்று கேட்க இடமிருந்தால் சொல்லைத் திருத்த வேண்டும், “எப்படி?” என்று கேட்க இடமிருந்தால் படிகளை எழுத வேண்டும், “எங்கே, எப்போது?” என்று கேட்க இடமிருந்தால் எடுத்துக்காட்டுத் தர வேண்டும்.