அட்மாஸ் சவுண்ட்பாருக்கு ஆப்டிகல் வயர் போதுமா?

"ஆப்டிகல்ல போட்டுக்குங்க சார், அட்மாஸ் சூப்பரா கேக்கும்." சவுண்ட்பார் விற்கும் இடங்களில் இப்படிச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இது உண்மையல்ல. ஆப்டிகல் வயர் வழியாக அட்மாஸ் வராது. கோஆக்சியல் வயருக்கு மாற்றினாலும் வராது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவர், பணம் கொடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வயர்களிலும் ஓடுவது ஒரே தகவல்தான். சிடி காலத்தில் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த டிஜிட்டல் ஒலி முறை அது. கோஆக்சியலில் அது மின்துடிப்பாகப் போகிறது. தோஷிபா நிறுவனம் 1983இல் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்த டாஸ்லிங்க் வயரில், அதாவது நாம் ஆப்டிகல் என்று சொல்வதில், அதே தகவல் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழைக்குள் சிவப்பு ஒளியாகப் போகிறது. ஆகவே 'எதில் ஒலித்தரம் அதிகம்' என்ற கேள்விக்கே டிவியைப் பொறுத்தவரை இடமில்லை. கோஆக்சியல் கொஞ்சம் கூடுதல் வேகத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் டிவியிலிருந்து வரும் ஒலிக்கு அந்தக் கூடுதல் தேவைப்படுவதில்லை.

இந்தப் பாதையில் போகக்கூடியவை இரண்டே வகை. ஒன்று, சுருக்கப்படாத இரண்டு சேனல் ஸ்டீரியோ. இன்னொன்று, டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் முறையில் சுருக்கப்பட்ட 5.1 சேனல். ஓடிடி தளங்கள் அட்மாஸை அனுப்புவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற அடுத்த தலைமுறை முறையில். அதை இதே பாதையில் அனுப்ப நான்கு மடங்கு வேகம் வேண்டும் என்கிறது தொழில்நுட்ப விதி. டிவிகள் அதை இந்தத் துளைகளின் வழியாக வெளியே விடுவதில்லை. வயரில் அதற்கு வழி எச்டிஎம்ஐ மட்டுமே. டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று குறித்திருக்கும் எச்டிஎம்ஐ துளைதான் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும். பழைய ஏஆர்சி டிவிகள் சிலவற்றில் அட்மாஸ் கிடைக்காது என்பதால், டிவியின் விவரக் குறிப்பையும் பார்த்துவிட வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏஆர்சி இல்லாத பழைய டிவி. புதிதாக வாங்கியது மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் கொண்ட 5.1.2 அட்மாஸ் பார். கடையிலிருந்து வந்தவர் ஆப்டிகல் வயரைச் செருகிவிட்டுப் போய்விட்டார். படம் ஓடுகிறது, சத்தம் அதிர்கிறது, வீட்டார் மகிழ்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. அட்மாஸில் வந்த ஒலியை டிவி பிரித்து, 5.1 டால்பி டிஜிட்டலாக மறுபடி கட்டி அனுப்புகிறது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்கும் தகவல் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. டிவியின் ஒலி அமைப்பில் Digital Audio Out என்பது PCM என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம், 5.1 கூட இல்லை, வெறும் ஸ்டீரியோதான் போகும். ஆனாலும் எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் கேட்கும். ஏனென்றால் இரண்டு சேனலைப் பரப்பி எல்லாவற்றிலும் ஒலிக்கவைக்கும் வேலையைப் பல பார்கள் தாமே செய்துவிடுகின்றன. இதனால்தான் ஏமாந்தது தெரியாமலே வருடக்கணக்கில் போகிறது.

கண்டுபிடிக்கக் காதை நம்ப வேண்டாம். அட்மாஸ் குறியுள்ள படத்தை ஓடவிட்டு, பாரின் திரையையோ அதன் மொபைல் செயலியையோ பாருங்கள். Dolby Atmos என்று வந்தால் வந்தது. Dolby Digital என்றோ Dolby Audio என்றோ வந்தால் 5.1. PCM என்று வந்தால் டிவி மெனுவுக்குப் போய் Auto, Bitstream, Pass Through இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள், குறைந்தது 5.1 ஆவது கிடைக்கும்.

அந்த வீட்டுக்கு டிவியை மாற்றாமலே ஒரு தீர்வு உண்டு. பாரில் எச்டிஎம்ஐ உள்ளீடு தனியாக இருந்தால், அட்மாஸ் தரும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவிக்குப் பதில் பாரிலேயே செருகி, பாரிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ வயரை டிவிக்கு இழுத்தால் போதும். படம் டிவிக்குப் போகும், அட்மாஸ் பாரிலேயே தங்கும். பார் வாங்கும்போது இந்த உள்ளீடு இருக்கிறதா என்று கேட்பது, ஸ்பீக்கர் எத்தனை வாட் என்று கேட்பதைவிட முக்கியம்.

இனி வயர் விலை. தங்கமுலாம் பூசிய ஆப்டிகல் வயர் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஒளி போகும் இழையில் தங்கத்துக்கு எந்த வேலையும் இல்லை. டிஜிட்டல் தகவல் ஒன்று முழுதாகப் போய்ச் சேரும், இல்லையென்றால் விட்டுவிட்டுக் கேட்கும். விலை கூடியதால் பாஸ் கூடாது. கோஆக்சியலுக்கும் தனி வயர் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ வயரும் பெரும்பாலும் இதே 75 ஓம் வகைதான். இரண்டு மூன்று மீட்டருக்கு அதுவே போதும். டிவியில் ஆப்டிகல், பாரில் கோஆக்சியல் மட்டும் என்றால் சின்ன மாற்றிப் பெட்டி ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். அது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் என்பதால் ஆப்டிகலிலிருந்து கோஆக்சியலுக்கா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆப்டிகலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது. கோஆக்சியல் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், இரண்டு கருவிகளின் எர்த்தும் இணைந்ததால் வரும் தொல்லையாக இருக்கலாம். ஆப்டிகலுக்கு மாற்றினால் அந்த இணைப்பு அறுந்துவிடும். ஆனால் ஆப்டிகலைக் கூர்மையாக மடக்கக் கூடாது. சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் முனை இடித்து மடங்கும்போதுதான் ஒலி விட்டுவிட்டு வரும். சத்தமே வரவில்லையென்றால், முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு பார் பக்க முனையை உருவி உள்ளங்கையில் காட்டுங்கள். சிவப்பு ஒளி தெரிந்தால் டிவியும் வயரும் வேலை செய்கின்றன. மிச்சம் பாரின் இன்புட் தேர்விலும் டிவியின் ஒலி அமைப்பிலும்தான்.

தவறான வாக்குறுதியை நம்பி வாங்கிவிட்டவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. பொருளின் பயன் பற்றிப் பொய்யான தகவல் தருவது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. ஆன்லைனில் வாங்கிய பொருள், விளம்பரத்தில் சொன்ன அம்சத்தோடு இல்லையென்றால், திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அட்மாஸுக்கு எச்டிஎம்ஐ தேவை என்று கையேட்டில் அச்சிட்டிருந்தால், பாரில் குறை இருப்பதாக வாதாட முடியாது. அப்போது உங்கள் வழக்கு கடைக்காரர் சொன்ன சொல்லின் மீதுதான் நிற்கும். அதனால் வாங்கும் முன்பே, "என் டிவி மாடல் இது, இதில் ஆப்டிகலில் அட்மாஸ் வருமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடை மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

இத்தனையும் தேவைப்படாமல் இருக்க, கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் டிவியின் பின்புறத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏஆர்சி எழுத்து இல்லை, நீங்கள் வாங்க நினைக்கும் பாரிலும் எச்டிஎம்ஐ உள்ளீடு இல்லை என்றால், அட்மாஸுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.