இரண்டா, நான்கா?

ஓர் எண்ணின் தலையில் அதே எண்ணை அடுக்காக ஏற்றி, அதன் தலையில் மறுபடியும் அதையே ஏற்றி, முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். x^(x^(x^…)) என்ற இந்தக் கோபுரத்தின் மதிப்பு 2 என்றால் x என்ன?

விடை கண்டுபிடிப்பது சுலபம் போலத் தெரியும். அடியிலுள்ள ஒரு x-ஐ மட்டும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் மேல் நிற்பதும் அதே முடிவில்லாக் கோபுரம்தான். அதன் மதிப்பும் 2. ஆகவே x² = 2, அதாவது x = √2. இப்போது கேள்வியில் 2 என்பதை 4 என்று மாற்றுங்கள். அதே வழியில் போனால் x⁴ = 4 என்று வரும். இதற்கும் விடை √2. ஒரே √2 கோபுரம் 2-ஆகவும் 4-ஆகவும் இருக்கிறது என்றால் 2 = 4 என்றாகிவிடும். கணக்கிட்ட வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கூட்டலிலோ பெருக்கலிலோ பிழை கிடைக்காது. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது.

முடிவில்லாக் கோபுரத்தை ஒரேயடியாக யாராலும் கணக்கிட முடியாது. படிப்படியாகத்தான் கட்ட வேண்டும். முதல் உறுப்பு a₁ = √2. அடுத்த ஒவ்வோர் உறுப்பும் முந்தையதிலிருந்து பிறக்கிறது: √2-க்கு முந்தைய உறுப்பை அடுக்காக ஏற்ற வேண்டும். இப்படி முந்தைய உறுப்பிலிருந்து அடுத்ததைத் தரும் விதியால் ஒரு தொடர்வரிசை உருவாகிறது. கோபுரத்தின் மதிப்பு என்று நாம் சொல்வது இந்தத் தொடர்வரிசையின் எல்லையைத்தான். உறுப்புகள் ஓர் எண்ணை நெருங்கிப் போனால் கோபுரத்துக்கு மதிப்பு உண்டு, இல்லையென்றால் கிடையாது.

எல்லை L என்று ஒன்று இருந்தால், முந்தைய உறுப்பும் அடுத்த உறுப்பும் இரண்டுமே L-ஐ நெருங்கும். அதனால் விதியின் இரண்டு பக்கமும் L-ஐப் போட்டு L = (√2)^L என்று எழுதலாம். இந்தச் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: எல்லை இருக்குமானால் அது இந்தத் தீர்வுகளில் ஒன்று. எல்லை இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. 1-இல் தொடங்கி, 3-இலிருந்து முந்தைய உறுப்பைக் கழித்துக்கொண்டே போனால் 1, 2, 1, 2 என்று காலமெல்லாம் மாறி மாறி வரும். இதிலும் L = 3 − L என்று எழுதி 1.5 என்று விடை எடுத்துவிடலாம். அந்தத் தொடர்வரிசை 1.5-ஐ நெருங்கியதே கிடையாது. பரீட்சைத் தாளில் முதல் வரியிலேயே ‘எல்லை L என்க’ என்று தொடங்குகிறவர்கள் நிரூபிக்க வேண்டியதையே எடுகோளாக வைத்துக்கொள்கிறார்கள்.

√2 கோபுரத்துக்கு வருவோம். கால்குலேட்டரில் போட்டால் 1.414, 1.633, 1.761, 1.841, 1.893, 1.927, 1.950 என்று வருகிறது. ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஏற்றம் குறைந்துகொண்டே வருகிறது. பார்த்தது போதாது, நிரூபிக்க வேண்டும். எந்த உறுப்பும் 2-ஐத் தொடாது என்பதை முதலில் காட்டுவோம். √2 என்பது 2-ஐவிடச் சிறியது. ஏதோ ஓர் உறுப்பு 2-ஐவிடச் சிறியது என்றால், அதை அடுக்காக ஏற்றிக் கிடைக்கும் அடுத்த உறுப்பு (√2)² என்பதைவிட, அதாவது 2-ஐவிடச் சிறியதாகவே இருக்கும். இந்தச் சங்கிலி எங்கும் அறுவதில்லை. ஏறுமுகம் என்பதும் இதே போலத்தான்: இரண்டாவது உறுப்பு முதலாவதைவிடப் பெரியது, பெரிய அடுக்கு பெரிய மதிப்பைத் தரும், ஆகவே மூன்றாவது இரண்டாவதைவிடப் பெரியது, இப்படியே மேலும்.

ஏறிக்கொண்டே போகிற, ஆனால் ஒரு மேல்வரம்பைத் தாண்டாத தொடர்வரிசைக்கு எல்லை கட்டாயம் உண்டு. மெய்யெண்களின் அடிப்படைப் பண்பிலிருந்து வரும் தேற்றம் இது. இப்போதுதான் L = (√2)^L என்று எழுத நமக்கு உரிமை வருகிறது. இந்த வளைவும் நேர்கோடும் இரண்டு இடங்களுக்கு மேல் வெட்டிக்கொள்ளாது. அந்த இரண்டும் 2, 4. உறுப்புகள் எல்லாம் 2-க்குக் கீழே இருப்பதால் எல்லை 2-ஐத் தாண்ட முடியாது. விடை 2. கோபுரத்தின் மதிப்பு 4 ஆகும்படி எந்த x-உம் இல்லை.

அப்படியானால் 4 எங்கிருந்து வந்தது? அதே விதியை √2-க்குப் பதிலாகச் சரியாக 4-இல் தொடங்கினால், அது 4-இலேயே நிற்கும். 3.9-இல் தொடங்கினால் 3.864, 3.816 என்று இறங்கி, கடைசியில் 2-ஐ நோக்கிப் போய்விடும். 4.1-இல் தொடங்கினால் 4.141, 4.200 என்று ஏறி, வரம்பில்லாமல் போய்விடும். சமன்பாட்டுக்கு 4 ஒரு தீர்வுதான். ஆனால் அருகில் வருகிற எதையும் அது தன்னிடம் நிறுத்திக்கொள்வதில்லை.

இதே சிக்கல் ராமானுஜன் கொடுத்த புகழ்பெற்ற கேள்வி ஒன்றிலும் உண்டு. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் கேட்டது: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்பதன் மதிப்பு என்ன? விடை 3. வழி இது: 3 = √(1 + 2×4), அந்த 4 = √(1 + 3×5), அந்த 5 = √(1 + 4×6), இப்படியே உள்ளே போகலாம். அழகான வழி. ஆனால் எந்தக் கட்டத்தில் நின்றாலும் உள்ளே ஓர் எச்சம் மிஞ்சுகிறது: 4, 5, 6, 7 என்று. முடிவில்லாத வடிவத்தில் அந்த எச்சம் எங்கே போயிற்று?

எச்சத்தைக் கவனிக்காவிட்டால் 4 என்றும் விடை சொல்லலாம். 4 = √(1 + 2×7.5), அந்த 7.5-ஐ √(1 + 3×18.4) என்று எழுதலாம், அப்படியே தொடரலாம். வெளியே தெரியும் உருவம் அச்சு அசலாக அதேதான்.

எச்சத்தை எடுத்துவிட்டு அங்கே 1-ஐப் போட்டால் நிஜமான உறுப்புகள் கிடைக்கும்: 1.732, 2.236, 2.560, 2.755. இவை ஏறுகின்றன, 3-ஐத் தாண்டுவதில்லை, ஆகவே எல்லை உண்டு. அது 3-தான் என்பதற்கு இன்னும் ஒரு படி வேண்டும். எச்சத்தை 12-இலிருந்து 1-ஆகக் குறைத்தால், உள்ளிருக்கும் எண் அதிகபட்சம் 12 மடங்கு குறையும். அதை ஒரு வர்க்கமூலம் மூடும்போது அந்தக் குறைவு √12 மடங்குக்குள் அடங்கிவிடும், அடுத்த வர்க்கமூலத்தில் மேலும் ஒரு முறை சுருங்கும். எச்சம் 12 ஆகும்போது மேலே 9 வர்க்கமூலங்கள் இருக்கின்றன. வெளியே வந்து சேரும் வித்தியாசம் 12-இன் 512-ஆவது மூலத்துக்கு, சுமார் 1.005 மடங்குக்கு மேல் போகாது. எச்சம் ஒன்று ஒன்றாகத்தான் வளர்கிறது. வர்க்கமூலங்கள் அதை அதைவிட வேகமாக நசுக்கிவிடுகின்றன.

4-இன் கதை வேறு. அங்கே எச்சங்கள் 7.5, 18.4, 84.5, பிறகு 1,400-க்கும் மேல். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய வர்க்கமாகவே பெருகுவதால், எத்தனை வர்க்கமூலம் போட்டாலும் அது அடங்காது. வர்க்கமூலங்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படும்போது அவை எப்போது ஒருங்கும் என்பதற்கான பொதுவான அளவுகோலை டி. விஜயராகவன் தந்தார். உள்ளே வரும் எண்கள் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதே அந்த அளவுகோலிலும் கேட்கப்படுவது.