சாய்ஞ்சு கிடக்கும் டேபிள்: நிமிர்த்தின பிறகுதான் நம்பரைத் தொடணும்

ஒரு ஷேர் வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையை பி.டி.எஃப்-ஆ டவுன்லோடு பண்றீங்க. 200 பக்கம் நேரா வருது. திடீர்னு ஒரு பக்கம் மட்டும் படுத்துக் கிடக்குது. கழுத்தைச் சாய்ச்சு ரெண்டு வரி பார்த்துட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறோம். ஆனா கம்பெனியைப் பத்தி நிறையச் சொல்ற டேபிள் பல சமயம் அந்தப் பக்கத்துலதான் இருக்கும். காரணம் ரொம்ப எளிது. காலம் அதிகமா இருக்கிற டேபிள் நேர்ப்பக்கத்துல அடங்காது, அதனால படுக்க வைக்கிறாங்க.

இன்னைக்கு ஒரே ஒரு டேபிளை எடுத்துக்குவோம்: டிரேட் ரிசீவபிள்ஸ் ஏஜிங். கம்பெனி கடனுக்கு வித்துட்டு இன்னும் வசூலாகாம இருக்கிற பாக்கி எவ்வளவு நாள் பழசுன்னு காட்டுற பட்டியல் இது. கம்பெனிகள் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில வந்த திருத்தத்தால, 2021 ஏப்ரல் 1 முதல் இதைக் கொடுத்தே ஆகணும். 6 மாசத்துக்குள்ள, 6 மாசம் முதல் 1 வருஷம், 1–2 வருஷம், 2–3 வருஷம், 3 வருஷத்துக்கு மேல, கடைசியா மொத்தம்னு காலம் போகும். பல கம்பெனிகள் முன்னாடி ‘இன்னும் தவணை வரல’ன்னு இன்னொரு காலமும் சேர்க்கும். ஆக ஏழு காலம்.

முதல்ல கண்ணுக்காகத் திருப்புங்க

எழுத்தோட தலை இடதுபக்கம் பார்த்து, வரி கீழிருந்து மேலே போனா, பக்கத்தை வலச்சுற்றா 90 டிகிரி திருப்பணும். தலை வலதுபக்கம் பார்த்தா இடச்சுற்றா. ஃபயர்பாக்ஸ்ல திறந்திருந்தா `r` தட்டினா வலச்சுற்றாத் திரும்பும். அக்ரோபேட் ரீடர்ல `View` மெனுவுக்குள்ள `Rotate View` இருக்கு. போன்ல பார்க்கிறவங்க ஆட்டோ ரொட்டேட்டை அணைச்சுட்டு போனைச் சாய்ச்சுப் பிடிச்சாலே போதும். அது ஆன்ல இருந்தா, நீங்க போனைத் திருப்பும்போது பக்கமும் கூடவே திரும்பிக்கும்.

இதெல்லாம் பார்வைக்கு மட்டும்தான். ஃபைல்ல எதுவும் மாறாது. அதோட இந்த வசதிகள் பெரும்பாலும் எல்லாப் பக்கத்தையும் சேர்த்தே திருப்பும், அப்புறம் நேரா இருந்த 200 பக்கமும் படுத்துக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி நிரந்தரமா வச்சுக்கணும்னா, qpdf என்ற இலவச மென்பொருளை கமாண்ட் லைன்ல ஓட்டலாம்:

```
qpdf --rotate=+90:214 report.pdf fixed.pdf
```

+90 வலச்சுற்று, -90 இடச்சுற்று. 214 என்பது ஃபைல்ல அது எத்தனையாவது பக்கம்ங்கிற எண். பக்கத்தோட அடியில அச்சாகியிருக்கிற எண் இல்லை. அட்டைப் பக்கங்களால இந்த ரெண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது, அதனால வியூவர் மேல காட்டுற எண்ணைப் போடுங்க.

பக்கம் நிமிர்ந்தா எழுத்தும் நிமிர்ந்துடுச்சா?

இங்கதான் பலர் ஏமாறுறாங்க. மேலே செஞ்ச திருப்பல், ‘இந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டு’ன்னு ஃபைல்ல ஒரு குறிப்பைத்தான் வைக்குது. உள்ளே ஒவ்வொரு எழுத்தும் பழைய இடத்துல, பழைய திசையிலதான் இருக்கு. சில மென்பொருள் காப்பி பண்ணும்போது இதைப் புரிஞ்சுக்கும், சிலது புரிஞ்சுக்காது. அப்போ எக்செல்ல வரிசையெல்லாம் காலமா மாறியோ, தலைப்பு ஒரு பக்கம் நம்பர் ஒரு பக்கமா சிதறியோ விழும்.

சோதிக்க ஒரு நிமிஷம் போதும். டேபிள்ல ஒரே ஒரு வரியை மவுஸால தேர்ந்தெடுத்து நோட்பேட்ல ஒட்டுங்க. வரித்தலைப்பும் அதுக்குரிய நம்பர்களும் அதே வரிசையில வந்தா, எழுத்து ஒழுங்கா இருக்கு. கலைஞ்சு வந்தா காப்பி பண்றதை விட்டுடுங்க. இந்த டேபிள்ல மிஞ்சிப்போனா சில டஜன் நம்பர், திருப்பி வச்சுக்கிட்டு கையாலயே அடிச்சுடலாம். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியலைன்னா அது ஸ்கேன் பண்ணின படம். அதுக்குக் கடைசியில வர்றேன்.

ஒழுங்கா ஒட்டினாலும் நம்பர் நகரும்

ஒரு கற்பனைக் கம்பெனியை வச்சுப் பார்ப்போம், தொகை கோடியில. தகராறு இல்லாத நல்ல பாக்கி: தவணை வராதது 210, 6 மாசத்துக்குள்ள 96, ஒரு வருஷத்துக்குள்ள 18, 1–2 வருஷம் 6, மொத்தம் 330. அடுத்த வரி, வராதுன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது: 1–2 வருஷம் 2, 2–3 வருஷம் 3, 3 வருஷத்துக்கு மேல 5, மொத்தம் 10. மூணாவது வரி, தகராறுல இருந்தாலும் வரும்னு கம்பெனி நம்புற பாக்கி: 3 வருஷத்துக்கு மேல 14, மொத்தம் 14. எல்லாம் சேர்த்து 354. சந்தேகக் கடனுக்கு ஒதுக்கினது 12 போக, பேலன்ஸ் ஷீட்ல 342.

இதைக் காப்பி பண்ணி எக்செல்ல ஒட்டி, இடைவெளியை வச்சுக் காலம் பிரிக்கிறீங்க. காலிக் கட்டங்கள்ல சில கம்பெனி கோடு போடும், சில கம்பெனி வெறுமனே விட்டுடும். வெறுமனே விட்டிருந்தா காப்பியில அந்தக் கட்டத்துக்கு எந்த அடையாளமும் இருக்காது. அதனால மூணாவது வரியோட ‘14, 14’ இடதுபக்கம் ஓடி வந்து முதல் ரெண்டு காலத்துல உட்கார்ந்துக்கும். 3 வருஷத்துக்கு மேல தகராறுல மாட்டியிருக்கிற 14 கோடி, ‘இன்னும் தவணையே வரல’ன்னு தெரியும். அந்தக் கம்பெனியில மோசமான பாக்கிதான் உங்க கண்ணுக்கு ரொம்ப நல்ல பாக்கியாத் தெரியுது.

மொத்தத்தைப் பேலன்ஸ் ஷீட்டோட ஒப்பிட்டா இது பிடிபடுமா? பிடிபடாது. 354-ல 12 போக 342 அப்பவும் சரியாத்தான் வரும், ஏன்னா தொகை மாறலை, இடம்தான் மாறியிருக்கு. பிடிக்கணும்னா காலம் காலமாக் கூட்டணும். அச்சிலுள்ள மொத்த வரியில எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு, அதனால அது நகராது: 210, 96, 18, 8, 3, 19. நீங்க ஒட்டினதுல முதல் காலத்தைக் கூட்டினா 210 + 2 + 14 = 226. அச்சுல 210. எங்கேயோ நகர்ந்திருக்குன்னு அங்கேயே தெரிஞ்சுடும். அப்புறம் திருப்பி வச்ச பக்கத்தைப் பார்த்து, அந்த ரெண்டு வரியையும் உரிய கட்டத்துக்கு நகர்த்துங்க. முதல் வரியோட 330-ம் ‘2–3 வருஷம்’ காலத்துக்கு வந்திருக்கும், அதையும் மொத்தத்துக்குத் தள்ளுங்க.

இன்னொண்ணு. இதே பக்கத்துல போன வருஷ டேபிளும் கீழேயே இருக்கும், ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி. மேலே இருக்கிற தேதியைப் பார்த்துட்டு எடுங்க.

ஸ்கேன் பண்ணின பக்கம்னா

படத்துல இருந்து எழுத்தை எடுக்கணும். இதுக்கு ocrmypdf இருக்கு:

```
ocrmypdf --rotate-pages --deskew scan.pdf out.pdf
```

முதல் ஆப்ஷன் படுத்த பக்கத்தை நிமிர்த்தும். ரெண்டாவது, ஸ்கேனர்ல லேசாக் கோணலா வச்சதைச் சரிபண்ணும். ஆனா எந்தப் பக்கம் மேலேன்னு அது எழுத்துகளைப் பார்த்துதான் முடிவு பண்ணுது. சொல் குறைஞ்சு நம்பரே நிறைஞ்ச பக்கத்துல உறுதி வரலைன்னா திருப்பாமலே விட்டுடும், அப்போ qpdf-ல நீங்களே திருப்பிட்டு மறுபடி ஓட்டுங்க. நம்பர் மட்டும் பார்த்து திசையை நம்பாதீங்க: 86-ஐத் தலைகீழா வச்சா 98-ன்னு அழகாப் படிக்கலாம். தலைப்புல ஒரு சொல்லாவது நேராப் படிக்க முடியுதான்னு பாருங்க. ஸ்கேன்ல சின்னக் கோடுகளும், கழித்தலைக் காட்டுற அடைப்புக்குறிகளும் காணாமப் போறது சகஜம். அங்கேயும் அதே காலக் கூட்டல்தான் காப்பாத்தும்.

அடுத்த தடவை ஆண்டறிக்கையைத் திறக்கும்போது இந்த டேபிள்ல கடைசி ரெண்டு வயசுக் காலத்தை மட்டும் போன வருஷத்தோட ஒப்பிடுங்க. விற்பனை எவ்வளவு ஏறியிருந்தாலும், 3 வருஷத்துக்கு மேலான பாக்கி அதைவிட வேகமா ஏறுதுன்னா, அந்த லாபத்துல எவ்வளவு பணமா கைக்கு வந்திருக்குன்னு கேட்டுட்டுத்தான் ஷேரைத் தொடணும்.