அனுப்பிய இன்வாய்ஸுக்குப் பூட்டு

பில்லிங் மென்பொருளில் ஒரு இன்வாய்ஸுக்கு மூன்று நிலைகள் போதும்: `draft`, `issued`, `cancelled`. வரைவாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். வெளியிட்ட பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதன் ஒரு பிரதி வாங்கியவர் கையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்கிறார். விற்றவர் தன் பிரதியை மட்டும் திருத்தினால் ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு தொகைகள் உலவத் தொடங்கும்.

வெளியிடும் நொடிதான் வடிவமைப்பில் கவனமாகக் கையாள வேண்டிய இடம். இன்வாய்ஸ் எண்ணை அப்போதுதான் கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி எண்கள் தொடர்வரிசையில் வர வேண்டும். வரைவுக்கே எண் கொடுத்துவிட்டு அந்த வரைவை அழித்தால் வரிசையில் ஓட்டை விழும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பொருளின் விலை, வரி விகிதம் எல்லாவற்றையும் அதே நொடியில் இன்வாய்ஸுக்குள் நகலெடுத்து வைக்க வேண்டும். பல மென்பொருள்கள் சறுக்குவது இங்கேதான். திருத்தும் பொத்தானை மறைத்திருப்பார்கள். ஆனால் முகவரி வாடிக்கையாளர் பட்டியலிலிருந்தே வரும். அவர் கடையை மாற்றியதும், போன வருட இன்வாய்ஸை மறுபடி அச்சடித்தால் புது முகவரி விழும். பழைய அச்சுப் பிரதியை மறுஅச்சோடு ஒப்பிட்டாலே குறை தெரிந்துவிடும். பூட்டு திரையில் மட்டும் இருந்தால் போதாது, தரவுத்தளத்திலும் இருக்க வேண்டும்.

ஒரு மொத்த வியாபாரி 10 மிக்ஸிக்கு இன்வாய்ஸ் போடுகிறார். ஒன்று 3,000 ரூபாய். 18 சதவீத வரியோடு மொத்தம் 35,400. போய்ச் சேர்ந்ததோ 8 மிக்ஸிதான். பழைய இன்வாய்ஸைத் தொடாமல், 2 மிக்ஸிக்குரிய 6,000 ரூபாயும் வரி 1,080 ரூபாயுமாக 7,080-க்கு ஒரு கிரெடிட் நோட் போட வேண்டும். அதற்குத் தனி எண், தனித் தேதி. எந்த இன்வாய்ஸுக்கானது என்ற குறிப்பும் அதில் இருக்கும். இனி வர வேண்டியது 28,320. தொகை குறைவாகப் போட்டிருந்தால் டெபிட் நோட்.

`cancelled` என்பது இன்வாய்ஸ் முழுவதுமே தவறு என்னும்போது மட்டும். ரத்தான எண் வரிசையில் அப்படியே நிற்கும். வேறு இன்வாய்ஸுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. இ-இன்வாய்ஸாகப் பதிவானதை அந்தத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம். அங்கே திருத்த வழியே இல்லை. ஆகவே கெடு தாண்டியதும் ரத்துப் பொத்தானை மூடிவிட்டு, கிரெடிட் நோட் போடும் வழியை மட்டும் மென்பொருள் காட்ட வேண்டும்.

பணம் வந்ததா, பாக்கியா என்பதை இந்த நிலைகளோடு கலக்காமல் இருப்பது நல்லது. 28,320-இல் 20,000 வந்தாலும் இன்வாய்ஸ் `issued`-தான். மீதி 8,320 என்பதை, இன்வாய்ஸ் தொகையிலிருந்து கிரெடிட் நோட்டையும் வரவையும் கழித்து, கேட்கும்போதெல்லாம் மென்பொருள் கணக்கிட்டுக் காட்டினால் போதும்.