வடம் பிடித்தவர்கள் ஏழு பேர்

2024 ஜூலை 11, வியாழக்கிழமை. அமெரிக்காவின் முக்கியப் பங்குச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500 அன்று சுமார் 0.9 சதவீதம் சரிந்து முடிந்தது. தலைப்புச் செய்தியை மட்டும் பார்த்தவர்கள் சந்தைக்கு அடி விழுந்த நாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் குறியீட்டில் உள்ள 500 நிறுவனங்களில் ஏறக்குறைய 400 நிறுவனங்களின் பங்குகள் அன்று விலை ஏறியிருந்தன.

காலையில் வந்த பணவீக்கக் கணக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. இனி வட்டி குறையும் என்ற நம்பிக்கையில், நெடுநாளாகத் தூங்கிக்கிடந்த பங்குகளை முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். அதற்கான பணத்தைப் பெரிய டெக் பங்குகளை விற்று எடுத்தார்கள். என்விடியா 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, டெஸ்லா 8 சதவீதத்துக்கு மேல். ஏறியவை நானூறு, விழுந்தவை அதில் கால்வாசி. ஆனாலும் குறியீடு இறங்கியது.

இதற்குக் காரணம் கணக்குப் போடும் முறை. ஐந்தே நிறுவனங்கள் உள்ள ஒரு குட்டிச் சந்தையை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் சந்தை மதிப்பு 600 கோடி, மற்ற நான்கும் தலா 100 கோடி. மொத்தம் 1,000 கோடி. ஓர் ஆண்டில் பெரிய நிறுவனம் 20 சதவீதம் ஏறுகிறது, மற்ற நான்கும் தலா 5 சதவீதம் இறங்குகின்றன. 600 கோடி 720 ஆகிறது, 400 கோடி 380 ஆகிறது. மொத்தம் 1,100 கோடி. சந்தை மதிப்பை வைத்து எடை போடும் குறியீடு, ‘10 சதவீத லாபம்’ என்று சொல்லும். அதே ஐந்திலும் சமமாகப் பணம் போட்டவரின் கதை வேறு: ஒன்றில் 20 லாபம், நான்கில் தலா 5 நஷ்டம், நிகரம் பூஜ்ஜியம். இரண்டு கணக்கும் சரிதான். முதலாவது சந்தையில் உள்ள மொத்தப் பணத்தைப் பற்றிச் சொல்கிறது, இரண்டாவது சராசரி நிறுவனத்தைப் பற்றி.

இந்த இரண்டாவது கணக்குக்காகவே எஸ் அண்ட் பி 500-க்கு 2003-ல் ‘சம எடை’ வடிவம் ஒன்று வந்தது. ஆப்பிளுக்கும் 0.2 சதவீதம், பட்டியலின் கடைசி நிறுவனத்துக்கும் அதே 0.2 சதவீதம். விலைகள் நகர நகர இந்தச் சமநிலை குலையும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறியதில் கொஞ்சம் விற்று, இறங்கியதில் கொஞ்சம் வாங்கிச் சரிசெய்கிறார்கள். இதைப் பின்தொடரும் ஃபண்டின் குறியீட்டுப் பெயர் RSP. வழக்கமான எஸ் அண்ட் பி 500-ஐப் பின்தொடரும் பழைய ஃபண்ட், SPY.

சந்தையைக் கவனிப்பவர்கள் இரண்டு கோடுகளையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஒரே கோடாக வரைந்துவிடுவார்கள்:

```
RSP / SPY
```

கோடு ஏறினால் ஊரே கூடித் தேர் இழுக்கிறது என்று பொருள். இறங்கினால் வடத்தில் சிலர் கைதான் வலுவாக இருக்கிறது.

2023-ஆம் ஆண்டை இந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் முழுக்கதையும் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் விகிதம் சுமார் 0.37. மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி திவாலானது. நடுத்தர வங்கிகளின் பங்குகள் சரிந்தன, கையில் ரொக்கம் குவிந்திருந்த பெரிய டெக் நிறுவனங்கள் பத்திரமான இடமாகத் தெரிந்தன. மே மாதம் என்விடியா, செயற்கை நுண்ணறிவுக்கான சிப் விற்பனை எகிறப்போகிறது என்று அறிவித்த மறுநாள், அதன் பங்கு ஒரே நாளில் 24 சதவீதம் ஏறியது. என்விடியா, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அமேசான், ஆல்ஃபபெட், மெட்டா, டெஸ்லா ஆகிய ஏழுக்கும் சேர்த்து ‘மேக்னிஃபிசன்ட் செவன்’ என்ற பட்டமும் அந்த ஆண்டுதான் பிரபலமானது.

அக்டோபர் முடிவில் எஸ் அண்ட் பி 500 ஆண்டுக்குச் சுமார் 9 சதவீத லாபத்தில் இருந்தது. சம எடைக் குறியீடோ நஷ்டத்தில். விகிதம் 0.32 பக்கம் வந்துவிட்டது. தொலைக்காட்சியில் காளைச் சந்தை என்று பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் சராசரி அமெரிக்க நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தவர் கையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

‘இனி அந்த ஏழும் விழும்’ என்று அப்போது பலர் எழுதினார்கள். விழவில்லை. வட்டி உயர்வு முடிந்தது என்ற எண்ணம் பரவியதும், நவம்பர், டிசம்பரில் பின்தங்கியிருந்த பங்குகள் வேகமாக எழுந்து இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தன. டிவிடெண்டையும் சேர்த்தால் ஆண்டுக் கணக்கு: எஸ் அண்ட் பி 26 சதவீதம், சம எடை 14 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2024-ல் இடைவெளி மறுபடி விரிந்தது. அந்த ஆண்டின் முடிவில் விகிதம் 0.30.

இதே இடைவெளி வேறு விதமாக மூடிய காலமும் உண்டு. 1998-லும் 1999-லும் சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் போன்றவை சந்தையை இழுத்தன. அந்த ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்ட சம எடைக் குறியீடு இரண்டு ஆண்டும் வெகுவாகப் பின்தங்கியது. 2000-ல் எஸ் அண்ட் பி 9 சதவீதம் இழந்தது. சம எடைக் குறியீடு அதே ஆண்டில் அதே அளவுக்கு லாபம் காட்டியது! மார்ச் 2000-ல் உலகின் மிக மதிப்புள்ள நிறுவனமாகச் சில நாள் இருந்த சிஸ்கோ, அடுத்த இரண்டரை ஆண்டில் 80 சதவீதத்துக்கும் மேல் மதிப்பிழந்தது. அங்கே பின்தங்கியவர்கள் ஓடிவந்து சேரவில்லை, முன்னே போனவர்கள் விழுந்தார்கள்.

ஆக, பிரியும் கோடுகள் சொல்வது ‘யார் இழுக்கிறார்கள்’ என்பதை மட்டுமே. எப்போது, எப்படிச் சேரும் என்பதை அவை சொல்வதில்லை. 1998-ன் இடைவெளியைப் பார்த்து அந்த ஆண்டு முடிவிலேயே பெரிய பங்குகளை விற்று வெளியேறியவர், 1999-ல் எஸ் அண்ட் பி கொடுத்த 21 சதவீதத்தைத் தவறவிட்டிருப்பார்.

வரைபடமும் சில இடங்களில் ஏமாற்றும். ஒரு கோட்டில் டிவிடெண்ட் சேர்த்து, மற்றதில் சேர்க்காமல் விட்டால் இல்லாத இடைவெளி தோன்றும். தொடங்கும் தேதியை மாற்றினாலே படம் மாறும். 2020 மார்ச் பள்ளத்திலிருந்து வரைபவரும் 2023 ஜனவரியிலிருந்து வரைபவரும் வேறு வேறு கதை சொல்வார்கள். அதைவிட நுட்பமானது, சம எடை நடுநிலையானது அல்ல என்பது. அதில் டெக் துறையின் பங்கு பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, தொழிற்சாலை, வங்கி, மின்வாரியம் போன்றவற்றின் பங்கு கூடுகிறது. வட்டி உயர்ந்து நடுத்தர நிறுவனங்கள் திணறினால், பெரியவை அசையாமல் இருந்தாலும் விகிதம் இறங்கும். அதனால் அனுபவசாலிகள் கூடவே ஒரு கேள்வியையும் கேட்பார்கள்: 500-ல் எத்தனை பங்குகள் தம் 200 நாள் சராசரி விலைக்கு மேலே இருக்கின்றன? விகிதம் இறங்கும்போது இந்த எண்ணிக்கையும் குறைந்தால், சந்தையின் அடித்தளம் உண்மையிலேயே சுருங்குகிறது. எண்ணிக்கை வலுவாகவே இருந்தால், எல்லாரும் நடக்கிறார்கள், சிலர் மட்டும் ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் நிஃப்டி 50-க்கும் சம எடை வடிவம் உண்டு. ஒவ்வொரு பங்குக்கும் 2 சதவீதம். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்த நாள் 2024 ஜனவரி 17. முந்தைய நாள் மாலை வந்த காலாண்டு முடிவு பிடிக்காமல், ஹெச்.டி.எஃப்.சி வங்கிப் பங்கை முதலீட்டாளர்கள் விற்றுத் தள்ள, அது 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிஃப்டி அன்று சுமார் 2 சதவீதம் சரிந்தது. அந்த வங்கிக்கு நிஃப்டியில் இருந்த எடை சுமார் 13 சதவீதம் என்பதால், அன்றைய சரிவில் பாதிக்கு மேல் அந்த ஒரே பங்கின் கணக்கு. சம எடைக் குறியீட்டில் அதே வீழ்ச்சி உண்டாக்கிய சேதம் 0.2 சதவீதத்துக்கும் கீழே.