கதிர்காமம், சிவனொளிபாதம், முன்னேஸ்வரம்: யாத்திரை வேன் விளம்பரம் சொல்வதும் சொல்லாததும்

மார்கழி பிறந்ததிலிருந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படம் ஒன்று சுற்றத் தொடங்கும். வெள்ளை நிற வேன், பின்னால் சிவனொளிபாத மலை, கீழே நாலு வரி. ‘ஏசி கே.டி.எச்., ரோசா பஸ். கதிர்காமம், சிவனொளிபாதம், முன்னேஸ்வரம், நல்லூர், மடு. முற்பதிவுக்கு அழைக்கவும்.’ ஆடி மாதம் நெருங்கும்போது மலைப்படம் போய் மயில் படம் வரும். வரிகள் அப்படியே இருக்கும்.

சப்ரகமுவ தோட்டங்களில் இந்த விளம்பரங்களில் பாதி சிங்களத்தில் வருகின்றன. பாடசாலை போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித்தான் பல வீடுகளில் விடயம் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் சிக்கல் மொழியில் மட்டும் இல்லை. வாகனம், வழி, முற்பணம் என்ற மூன்று வரியிலும் முக்கியமான ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது. யாத்திரை முடிந்து வரும்போது கைக்காசு கரைவது அந்த எழுதாத இடத்தில்தான்.

வாகனம்: எத்தனை ஆசனம், யாருடைய காப்புறுதி

ஹயர் ஓட்டத்தில் மூன்று வகை வாகனங்கள் அதிகம். நாலைந்து பேருக்குச் சிறிய கார் அல்லது ‘படி’ வேன். பத்து முதல் பதினான்கு பேருக்கு கே.டி.எச்., கரவன் போன்ற பெரிய வேன். அதற்கு மேல் என்றால் இருபத்தைந்து பேர் வரை ஏறக்கூடிய ரோசா அல்லது கோஸ்டர். விளம்பரத்தில் ‘14 சீட்’ என்று போட்டிருந்தால் அதில் சாரதியின் ஆசனமும் சேர்ந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பின்வரிசையில் மூன்று பேருக்குரிய இடத்தில் நாலு பேரை உட்காரவைத்துக் கணக்குக் காட்டும் வழக்கமும் உண்டு. மலை ஏறி இறங்கி, முழங்கால் வீங்கித் திரும்பும் ஆச்சிக்கு அந்த நாலாவது இடம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விடயம் தோட்டப் பாதை. ரோசா பெரும்பாலும் லயம் வரை ஏறாது. கொங்கிரீட் போட்ட குறுகிய வளைவில் திருப்ப முடியாமல், ‘ரோட்டுக்கு இறங்கி வாங்க’ என்று சாரதி கடைசி நேரத்தில் சொல்வார். நள்ளிரவில் சமைத்த சாப்பாட்டையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டி வரும். அதனால் பேசும்போதே பாதையின் படத்தை அனுப்பி, எந்த இடம் வரை வரும் என்று கேட்டுவைப்பது நல்லது.

இவை இரண்டையும் விடப் பாரதூரமானது காப்புறுதி. வாகனக் காப்புறுதியில் அந்த வாகனம் எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்பது குறிக்கப்படும். சொந்தப் பாவனை வேறு, வாடகைக்கு ஓட்டுவது வேறு. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனை ஹயருக்கு விட்டு, வழியில் விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். தவணைப் பணம் குறைவு என்பதால் சிலர் இப்படிச் செய்கிறார்கள். சாரதியின் அனுமதிப்பத்திரத்திலும் இதே போன்ற கோடு ஒன்று இருக்கிறது. சாரதியோடு சேர்த்து ஒன்பது ஆசனத்துக்கு மேற்பட்ட பயணிகள் வாகனத்தைச் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்ட முடியாது. இலகு பஸ் வகைக்குரிய அனுமதி வேண்டும். குறித்த வழித்தடத்தில் ஓட அனுமதி பெற்ற தனியார் பஸ்ஸைப் பிடித்தால், அந்த வழித்தடத்துக்கு வெளியே யாத்திரை போக விசேட அனுமதி எடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். காப்புறுதிச் சான்றிதழையும் வருமான வரிப்பத்திரத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு அதை அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

வழி: கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது

‘கதிர்காமம் இரண்டு நாள்’ என்று விலை போட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குள் ஒரு கிலோமீட்டர் வரம்பு ஒளிந்திருக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக்காசு. எண்ணுவதோ தோட்டத்து வாசலிலிருந்து அல்ல, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து. மறுபடி அங்கே போய்ச் சேரும் வரை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் விளங்கிக்கொள்வதற்காக வைத்தவை. தூரங்கள் ஏறக்குறைய உள்ளபடி. வேன்காரர் இரத்தினபுரி நகரில் இருக்கிறார். தோட்டம் நகரிலிருந்து 15 கிலோமீட்டர் மேலே. போகிறவர்கள் 14 பேர். ஒரு நாளைக்கு 18,000 ரூபாய், நாளுக்கு 100 கிலோமீட்டர், மேலதிக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 100 ரூபாய், சாரதிக்குப் பட்டா நாளுக்கு 2,000.

விளம்பரத்தைப் பார்த்தவர்கள் 36,000 ரூபாயை 14ஆல் பிரித்து, ஆளுக்கு 2,600 ரூபாய் போதும் என்று சேர்ப்பார்கள். வண்டி ஓடுவதோ வேறு கணக்கு. நகரிலிருந்து தோட்டத்துக்கு 15, மறுபடி நகருக்கு 15. பெல்மதுளை, எம்பிலிபிட்டிய, நோனாகம, ஹம்பாந்தோட்டை, திஸ்ஸமஹாராம வழியாகக் கதிர்காமத்துக்குச் சுமார் 170. அங்கே செல்லக் கதிர்காமம் போய்வர, குளிக்க, சாப்பிட என்று 20. திரும்பி 170, தோட்டத்துக்கு ஏற 15, வண்டி வீடு போக 15. மொத்தம் 420. இரண்டு நாளுக்குரிய 200 போக, மேலதிகம் 220 கிலோமீட்டர். அது 22,000 ரூபாய். பட்டா 4,000. ஆகக் கூடி 62,000. ஆளுக்கு 4,400க்கும் மேல்.

எதிர்பார்த்ததற்கும் கொடுத்ததற்கும் இடையில் ஆளுக்கு 1,800 ரூபாயளவு வித்தியாசம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், ஒரு முழு நாள் கொழுந்து பறித்தாலும் அல்லது பால் வெட்டினாலும் அந்த வித்தியாசத்தை அடைக்க முடியாது. வேன்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனால் நாள் கணக்கை விட்டு, ‘தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று ஒரே தொகையாகப் பேசுவதே பாதுகாப்பு.

சிவனொளிபாத மலைக்கு வேறொரு பொறி இருக்கிறது. உந்துவப் போயாவிலிருந்து வெசாக் போயா வரையான பருவத்தில் மலையேற மூன்று பாதைகள் பிரபலம். இரத்தினபுரிப் பக்கத்தார் பலாபத்தல பாதையையும் குருவிட்ட எரத்ன பாதையையும் பிடிக்கலாம். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய பக்கத்தார் கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போவது வழக்கம். பலாபத்தல ஏற்றம் நீளமானது. நல்லதண்ணிப் படிகள் குறுகியவை. அதனால் சில குழுக்கள் பலாபத்தலவில் ஏறி நல்லதண்ணியில் இறங்க ஆசைப்படும். மலையின் இரண்டு பக்கமும் கிட்டத்தான் என்று தோன்றும். ஆனால் வாகனம் மலையைத் தாண்ட முடியாது. இரத்தினபுரி வந்து, அவிசாவளை, ஹட்டன், மஸ்கெலியா என்று சுற்றி நல்லதண்ணிக்குப் போக 150 கிலோமீட்டருக்குக் குறையாது. நீங்கள் படியேறும் அந்த இரவில் சாரதி வளைவுப் பாதையில் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். காசு கூடுவது ஒரு பக்கம். விடிந்ததும் உங்களை ஏற்றிக்கொண்டு இறங்கப் போகிறவர் தூங்காத மனிதர் என்பது மறு பக்கம்.

2025 மே 11 அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி வந்த பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின்னராவது மலைநாட்டு இரவுப் பயணத்தைப் பற்றி முற்பதிவின்போதே பேச வேண்டும். சாரதி எங்கே, எத்தனை மணி நேரம் படுப்பார்? மாற்றுச் சாரதி உண்டா? ‘ஒரே ராத்திரியில் போய் வந்துவிடலாம்’ என்பது வேன்காரர் சொல்லும் சலுகை மட்டுமல்ல, மறுநாள் பெயர் போட வேண்டும் என்பதற்காக நாங்களே கேட்பதும்தான். கதிர்காமத்துக்கு வெல்லவாய, புத்தல வழியும் இருக்கிறது. தூரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் புத்தல–கதிர்காமம் வீதியில் யானைகள் நிற்கும். இருட்டில் அந்த வழியை எடுப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

முற்பணம்: கொடுப்பது சுலபம், திரும்புவது எப்போது

கதிர்காமக் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையிலும், மலைப் பருவத்துப் போயா விடுமுறைகளிலும் வேன் கிடைப்பது கஷ்டம். அதனால் மூன்று, நாலு கிழமைக்கு முன்பே முற்பணம் கேட்பார்கள். இங்கேயும் விளம்பரம் ‘முற்பதிவு செய்யவும்’ என்பதோடு நின்றுவிடும். பயணம் தடைப்பட்டால் என்ன என்பது இருக்காது.

இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு மாவட்டங்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. பலத்த மழையில் பாதை மூடப்படுவது, தோட்டத்தில் மரணம் நிகழ்வது, வேன் பழுதாவது ஆகிய மூன்றும் எந்த யாத்திரைக்கும் வரக்கூடியவை. வேன்காரரால் தடைப்பட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், அல்லது அதே விலைக்கு வேறு வாகனம் தர வேண்டும். பாதை மூடினால் வேறு திகதி. எங்களால் நின்றால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு கழியும் என்று பேச வேண்டும். இதை வாயால் பேசி முடித்த பிறகு, அதையே வட்ஸ்அப்பில் எழுதி ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். குரல் பதிவை விட எழுத்து நல்லது. பணத்தைக் கையில் கொடுத்தால் வாகன இலக்கத்தோடு பற்றுச்சீட்டு. தகராறு வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது, பிரதேசத்து இணக்க சபையும் இருக்கிறது. இரண்டிடத்திலும் முதலில் கேட்பது கையில் என்ன எழுத்து இருக்கிறது என்பதுதான்.

வேன் வைத்திருக்கும் எங்கள் இளைஞர்களும் இப்போது அதிகம். அவர்கள் போடும் விளம்பரம் இப்படி இருந்தால் பாதிச் சண்டை குறையும்:

‘ஏசி கே.டி.எச்., சாரதி தவிர 13 ஆசனம். வாடகைப் பாவனைக் காப்புறுதி உண்டு. கதிர்காமம் 2 நாள்: எம்பிலிபிட்டிய வழி, தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, பட்டா உட்பட ஒரே தொகை. சாரதிக்கு இரவு 6 மணி நேர ஓய்வு. வேன் லயம் வரை வரும். ரோசா பிரதான வீதி வரை. முற்பணம் நாலில் ஒரு பங்கு. 7 நாளுக்கு முன் சொன்னால் முழுவதும் திருப்பித் தரப்படும். பாதை மூடினால் வேறு திகதி. தமிழில் பற்றுச்சீட்டு.’

நாலு வரி எட்டு வரியாகிவிட்டது. படத்தில் மயிலை கொஞ்சம் சிறிதாகப் போட்டால் இடம் போதும்.