'ப்ளீஸ்' போட்டும் ரூடா கேட்குதா? இங்கிலீஷ்ல அந்த 'ங்க' எங்கே இருக்கு தெரியுமா?

லண்டனில் இருக்கும் கிளையன்ட்டோடு ஒரு கால். உங்கள் வேலை நகர வேண்டுமென்றால் அவர் ஒரு ஃபைல் அனுப்ப வேண்டும். நீங்களும் பணிவாகத்தான் கேட்கிறீர்கள்: "சென்ட் மீ த ஃபைல் டுடே, ப்ளீஸ்." கிராமர் சரி. ப்ளீஸும் இருக்கிறது. ஆனாலும், கேட்பவர் காதில் அது 'இன்னைக்கே அனுப்பிடு' என்று உத்தரவு போட்ட மாதிரி விழலாம். அப்புறம் அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் டோன் சரியில்லை' என்று ஒரு வரி வரும். நாம எப்போ யார்கிட்ட ரூடா பேசினோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

சிக்கல் எங்கே என்றால், தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். 'அனுப்பு' என்றால் தம்பியிடம் சொல்வது. 'அனுப்புங்க' என்றால் மேனேஜரிடமே சொல்லலாம். ரெண்டுமே ஏவல்தான். ஆனால், அந்த 'ங்க' மொத்த வேலையையும் பார்த்துவிடும். இங்கிலீஷில் ரெண்டுக்கும் 'சென்ட்' ஒன்றுதான். நீ, நீங்க ரெண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். மனசுக்குள் 'அனுப்புங்க' என்று நினைத்து 'சென்ட்' என்று சொல்லும்போது, அந்த 'ங்க' வழியிலேயே விழுந்துவிடுகிறது. ப்ளீஸ் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாக இல்லை. ஏனென்றால் 'சென்ட்' என்று ஆரம்பித்த வாக்கியம், ப்ளீஸ் போட்ட பிறகும் கட்டளையாகவேதான் இருக்கிறது.

அப்போ, இங்கிலீஷோட 'ங்க' எங்கே?

வாக்கியத்தின் அமைப்பில்! அதே ஃபைலை நாலு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

"கேன் யூ சென்ட் மீ த ஃபைல்?" – கட்டளை, கேள்வியாக மாறிவிட்டது. கேள்வி என்றாலே எதிராளிக்கு 'முடியாது' என்று சொல்லவும் ஓர் இடம் கிடைக்கிறது. கூட வேலை பார்க்கும் நண்பரிடம் இதுவே போதும்.

"குட் யூ சென்ட் மீ த ஃபைல்?" – இன்னும் ஒரு படி மென்மை. ஆபீஸில் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம்.

"வுட் யூ மைண்ட் சென்டிங் மீ த ஃபைல்?" – 'அனுப்புறதுல உங்களுக்கு ஏதும் சிரமம் இருக்கா' என்று கேட்பது. இங்கே 'டு சென்ட்' வராது, 'சென்டிங்'தான். பதில் சொல்லும்போதும் கவனம். சிரமம் உண்டா என்பதுதான் கேள்வி என்பதால், 'நோ, நாட் அட் ஆல்' என்றால் 'தாராளமா செய்றேன்' என்று அர்த்தம். வெறும் 'யெஸ்' என்று சொன்னால் எதிராளி ஒரு நிமிஷம் குழம்பிப்போவார்.

"ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் சென்ட் மீ த ஃபைல்." – இதில் கேள்விகூட இல்லை. நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். மீதியை அவரே புரிந்துகொள்வார்.

ஒன்று கவனித்தீர்களா? கேன் 'குட்' ஆகிறது, வில் 'வுட்' ஆகிறது, ஆம் 'வாஸ்' ஆகிறது. கேட்பது இப்போது, ஆனால் வார்த்தை மட்டும் பாஸ்ட் டென்ஸுக்குப் போகிறது. விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசும்போது அழுத்தம் குறைகிறது. 'இதென்ன கூத்து' என்று தோன்றினால், "அண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேன்" என்று நாம் பேசுவதை யோசித்துப் பாருங்கள். நின்றுகொண்டிருப்பதும் கேட்பதும் இப்போதுதான், ஆனாலும் 'வந்தேன்' என்கிறோம். அதே டெக்னிக்தான்!

எவ்வளவு மென்மை போதும்?

எல்லாவற்றுக்கும் 'ஐ வாஸ் வொண்டரிங்' போட்டால் கதை கந்தலாகிவிடும். பக்கத்து சீட் நண்பரிடம் பேனா கேட்க அவ்வளவு நீட்டினால், கிண்டல் பண்ணுகிறீர்களா, கோபமா என்று அவர் யோசிப்பார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு மொழியியல் ஆய்வாளர்கள் பணிவான பேச்சைப் பற்றி 1978-ல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். 1987-ல் அது தனிப் புத்தகமாகவும் வந்தது. அவர்கள் முக்கியமாக ஒப்பிட்ட மூன்று மொழிகளில் இங்கிலீஷோடு நம்ம தமிழும் ஒன்று! மென்மையின் அளவைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள் என்கிறார்கள்: உங்களைவிட அவருக்கு எவ்வளவு அதிகாரம், ரெண்டு பேருக்கும் எவ்வளவு பழக்கம், கேட்கும் உதவி எவ்வளவு பெரியது.

இதை வைத்து நம்ம ஃபைல் கேஸைப் போட்டுப் பார்ப்போம். கிளையன்ட், அதனால் அதிகாரம் அவரிடம். பழக்கம் குறைவு. ஃபைல் அனுப்புவது சின்ன வேலைதான், ஆனால் 'இன்னைக்கே' என்பது பாரம். ஆக, 'குட் யூ'வில் ஆரம்பித்து, காரணத்தையும் சேர்த்துவிடலாம்: "குட் யூ சென்ட் மீ த ஃபைல் டுடே, இஃப் பாசிபிள்? வீ நீட் இட் ஃபார் டுமாரோஸ் டெஸ்டிங்." இரண்டு லைன்தான். நேரமும் தெளிவு, மரியாதையும் பத்திரம். அதே ஆளிடம் டெட்லைனை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்றால் பாரம் பெரியது. 'ஐ வாஸ் வொண்டரிங்' அங்கேதான் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செய்யப்போகும் காரியம் கேட்பவருக்கே நல்லது என்றால், நேரடி ஏவல்தான் அன்பு. வீட்டுக்கு வந்தவரிடம் "ஹேவ் சம் மோர்" என்று சொல்வதுதான் உபசாரம். அங்கே போய் 'குட் யூ' போட்டால், அவர் சாப்பிடுவது உங்களுக்குச் செய்யும் உதவி மாதிரி ஆகிவிடும்!

அவங்க சொல்றது உங்களுக்குப் புரியுதா?

உண்மையில் பெரிய அடி விழுவது இங்கேதான். பிரிட்டிஷ் மேனேஜர் ஒருவர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "யூ மைட் வான்ட் டு செக் த நம்பர்ஸ் ஆன் பேஜ் 3" என்கிறார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், 'விருப்பம் இருந்தா செக் பண்ணலாம்' என்பது போலத்தான் தெரியும். அவர் சொல்ல வந்தது பெரும்பாலும் 'நம்பர் தப்பு, மாத்துங்க' என்பதுதான். "ஐ'ம் நாட் ஷூர் திஸ் வொர்க்ஸ்" என்றாலும் அவருக்குச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அது ஒரு மென்மையான 'வேண்டாம்'.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன டெஸ்ட் போதும். சொல்பவர் உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவரா? சொன்னது அந்த வேலையில் குறிப்பாக ஓர் இடத்தைப் பற்றியா? ரெண்டுக்கும் 'ஆமா' என்றால், அதை வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தெளிவில்லையென்றால், "ஷுட் ஐ சேஞ்ச் இட் பிஃபோர் ஐ சென்ட் இட்?" என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஒரு மாறுவேஷக்காரர். 'யூ பெட்டர் சென்ட் இட்' என்பதில் 'பெட்டர்' இருப்பதால், 'அனுப்பினா நல்லது' என்ற பணிவான யோசனையாக நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். கேட்பவருக்கு அது, 'ஒழுங்கா அனுப்பிடு, இல்லைன்னா...' என்கிற எச்சரிக்கை. அடுத்த காலில் கிளையன்ட்டிடம் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.